பேரிங் ஹவுசிங் டிராயிங்: குறிகளைப் படிப்பதற்கு ஒரு குறிப்பு

தம்பி, செம்பனை ஆலைக்கு நாம் செய்யும் ஸ்குரூ பிரஸ் பேரிங் ஹவுசிங்கின் டிராயிங் இத்துடன் இருக்கிறது. சுங்கை சிப்புட் பட்டறையில் லேத் அண்ணனிடம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

முதலில், எதை ஆதாரமாக வைத்து அளக்க வேண்டும் என்று காட்டும் டேட்டம் எழுத்துகள் A, B எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பார். முக்கோணம் ஃபிளாஞ்சின் முகத்திலேயே உட்கார்ந்திருப்பதால் A அந்த முகம்தான். B முக்கோணமோ ஸ்பிகாட்டின் விட்ட அளவுக்கோட்டுக்கு நேராக நிற்கிறது. அதனால் B என்பது ஸ்பிகாட்டின் மேற்பரப்பு அல்ல, அதன் மைய அச்சு. இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

அப்புறம் போல்ட் குழிகளுக்கு வா. நான்கு குழி, விட்டம் 13.5 முதல் 13.8 வரை, M12 போல்ட்டுக்கு. கீழே இந்தக் கட்டம்:

⌖ | Ø0.5 Ⓜ | A | B

இடமிருந்து வலமாகப் படி. ⌖ என்றால் இருப்பிடம். Ø0.5 என்பது ±0.5 அல்ல. குழியின் அச்சு 0.5 விட்டமுள்ள உருளைக்குள் இருக்க வேண்டும், அதாவது சரியான இடத்திலிருந்து எந்தப் பக்கமும் 0.25 வரைதான் விலகலாம். சரியான இடம் எது? டிராயிங்கில் தனித்தனிச் சிறு கட்டத்துக்குள் போட்டிருக்கும் 170 மி.மீ. போல்ட் வட்டமும் 90° கோணமும் சொல்கின்றன. அப்படிக் கட்டம் போட்ட அளவுக்கு டைட்டில் பிளாக்கின் பொது டாலரன்ஸ் பொருந்தாது.

A முன்னால், B பின்னால். இந்த வரிசையை மாற்றாதே. பிரஸ்ஸில் பூட்டும்போது முகம் முதலில் படிகிறது, பிறகுதான் ஸ்பிகாட் நடுவில் நிறுத்துகிறது. அளக்கும்போதும் அதே முறைதான்.

Ⓜ என்பது குழி மிகச் சிறியதாக, அதாவது உலோகம் அதிகமாக இருக்கும் நிலை. 13.5-இல் உருளையின் விட்டம் 0.5 தான். குழி 13.8 வரை பெரிதானால் அந்த விட்டம் 0.8 வரை போகலாம். 13.8 குழியில் இருப்பிட விலகல் விட்டக் கணக்கில் 0.7 என்று ரிப்போர்ட் வந்தால் ரிஜெக்ட் செய்யாதே, அது நல்ல பாகம். முகத்தையும் ஸ்பிகாட்டையும் உட்கார வைத்த கேஜில் 13.0 பின் நான்கும் ஒரேசமயம் நுழைந்தால் இருப்பிடம் சரி. குழி விட்டத்தைத் தனியாக அளந்துகொள்.

பேரிங் துளைக்கு ⌖ Ø0.04 | A | B, அதன் கீழே செங்குத்துக்கு ⟂ Ø0.02 | A. இரண்டிலும் Ⓜ வேண்டுமென்றேதான் போடவில்லை. துளை பெரிதானது என்பதற்காகத் தண்டு விலகி ஓடலாமா? கீழ்க்கட்டம் சாய்வை மட்டும் இன்னும் இறுக்குகிறது.

தட்டைத்தன்மைக்கான ⏥ 0.02-க்கு டேட்டம் எழுத்து கிடையாது. தட்டையாக இருக்கிறதா என்பதற்கு வேறு முகம் தேவையில்லை.

பழைய டிராயிங்கில் ஒரே மையத்தைக் கேட்கும் ◎ குறியைப் பார்த்தால் எந்தத் தரத்தில் வரைந்தது என்று டைட்டில் பிளாக்கில் பார். ஐஎஸ்ஓ 1101-இல் அது உண்டு. ஏஎஸ்எம்இ ஒய்14.5-இன் 2018 பதிப்பு அதை நீக்கிவிட்டது.

படித்து முடித்ததும் போல்ட் குழிக் கட்டத்தை உன் வார்த்தையில் லேத் அண்ணனுக்குச் சொல்லிப் பார். அவர் கேள்வி கேட்டால் என்னைக் கூப்பிடு.