டிபன் தள்ளுவண்டி (5 x 3 அடி): பாகவாரி அடக்கக் கணக்கு

அண்ணே, மேலூர்க்காரர் கேட்ட இரண்டு வண்டிக்கும் விலை சொல்வதற்கு முன்னால் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கே.புதூர் பட்டறையில் இதுவரை வண்டியை மொத்தமாக மனக்கணக்கு போட்டு 24,000 ரூபாய் என்று சொல்லிவந்தோம். இந்தத் தடவை ஆணி, கம்பியிலிருந்து தொடங்கி மேலே கூட்டி வந்திருக்கிறேன். எல்லாம் ஜி.எஸ்.டி. சேர்க்காத கொள்முதல் விலை. கட்டிய வரி நமக்குத் திரும்ப வரவாகிவிடுவதால் அதைச் செலவில் எழுதவில்லை. கூலி: வெல்டர் நாளுக்கு 1,000, ஹெல்பர் 600. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் இருவருக்கும் சேர்த்து மணிக்கு 200.

சக்கரம் (ஒன்று)
ரிம் 330, டயர் 290, டியூப் 110, பேரிங்குடன் ஹப் 210, ஸ்போக்ஸ் கம்பி 36 x 3 = 108, கோத்து நேராக்கும் வெளிக்கூலி 100.
ஒரு சக்கரம் 1,148. நான்கு சக்கரம் 4,592.

பழைய நோட்டில் தவறு இருந்தது இங்கேதான். கம்பி 36 என்பது ஒரு சக்கரத்துக்கு. வண்டிக்கு 144 வேண்டும். நாம் 36 என்றே எழுதியிருந்தோம், வண்டிக்கு 324 ரூபாய் கணக்கில் வராமலே போயிருக்கிறது. அதனால் கம்பியை வண்டிக் கணக்கில் நேராக எழுதாமல், முதலில் சக்கரத்தை முடித்து, அதை நான்கால் பெருக்கியிருக்கிறேன்.

அச்சு
25 மி.மீ. உருண்டைக் கம்பி, 1.1 மீட்டரில் இரண்டு. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்குச் சுமார் 3.85 கிலோ. 8.47 கிலோ x 64 = 542. நட்டு, வாஷர் 100. கூலி 2 மணி, 400.
சக்கரமும் அச்சும் சேர்த்து 5,634.

சட்டம்
35 x 35 x 5 ஆங்கிள், மேலும் கீழும் 16 அடி வீதம் 32, கால்களுக்கு 10. மொத்தம் 42 அடி, அதாவது 12.8 மீட்டர். மீட்டருக்கு 2.6 கிலோ, வெட்டுக் கழிவு 4 சதவீதம் சேர்த்தால் 34.6 கிலோ. கிலோ 62 ரூபாய் வீதம் 2,145. கைப்பிடி பைப் 240, வெல்டிங் ராடு 180, கட்டிங் வீல் 120, கூலி 6 மணி 1,200.
சட்டம் 3,885.

மேல்தளம்
8 x 4 அடி, 1 மி.மீ. 202 எஸ்எஸ் ஷீட், 23.5 கிலோ x 170 = 3,995. மடக்கு சேர்த்து மேலே 5 x 3, முன்பக்கம் 5 x 1, பக்கவாட்டில் 3 x 1 இரண்டு. இவை போக 3 x 2 அடித் துண்டு ஒன்று மிஞ்சுகிறது. ஷீட் விலையில் அதன் பங்கு 749 ரூபாய். ஆனாலும் கழிக்கவில்லை. அடுத்த வேலையில் கல்லாப்பெட்டிக்கோ தட்டுக்கோ உண்மையில் வெட்டினால் அன்றைக்குக் கழிக்கலாம். சுவரில் சாய்ந்து கிடக்கும் துண்டை லாபமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. மடக்குக்கூலி 400, ரிவெட் 120, நம் கூலி 4 மணி 800.
மேல்தளம் 5,315.

கூரை: பைப் 980, தகரம் 860, கூலி 400. 2,240.

வண்டி முழுதும்

| விவரம் | ரூபாய் |
|---|---|
| சக்கரம், அச்சு | 5,634 |
| சட்டம் | 3,885 |
| மேல்தளம் | 5,315 |
| கூரை | 2,240 |
| இரட்டை அடுப்பு | 1,850 |
| ரெட் ஆக்சைடு, எனாமல் | 650 |
| பெயின்ட் கூலி (ஹெல்பர் 3 மணி) | 225 |
| கடைசிப் பொருத்தம் 3 மணி | 600 |
| பொருளும் கூலியும் | 20,399 |
| பட்டறைச் செலவு | 3,000 |
| உங்கள் சம்பளம் | 4,000 |
| அடக்கம் | 27,399 |

பட்டறைச் செலவு என்பது வாடகை, கரண்ட், போன், மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்ந்த மாதம் 15,000. ஐந்து வண்டி என்று வைத்து வகுத்திருக்கிறேன். நான்கே வண்டி ஓடிய மாதத்தில் இது 3,750 ஆகிவிடும்.

உங்கள் சம்பளம் மாதம் 20,000 என்று நானே எழுதிவிட்டேன். கோபப்படாதீர்கள். காலை எட்டு மணிக்குக் கட்டர் பிடிக்கிறவர் நீங்கள்தான். அந்த உழைப்புக்கு இத்தனை வருடம் நாம் விலையே போடவில்லை. 24,000-க்கு விற்றபோது கையில் நின்றது 601 ரூபாய்தான், அதுவும் உங்கள் கூலியைச் சேர்க்காமல்.

இரும்பு கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் ஆங்கிளும் அச்சும் சேர்ந்து வண்டிக்கு 215 கூடும். எஸ்எஸ் 10 ரூபாய் ஏறினால் 235. கம்ப்யூட்டரில் சக்கரம் தனித் தாளில் இருக்கிறது. விலையை அங்கே மாற்றினால் போதும், வண்டித் தாளில் தானாக மாறும்:

```
Wheel!D8: =SUMPRODUCT(B2:B7,C2:C7)
Cart!D2:  =4*Wheel!D8
```

மேலூர்க்காரருக்கு ஒரு வண்டி 29,500, ஜி.எஸ்.டி. தனி என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். இரண்டு வண்டி என்பதற்காகக் குறைக்கச் சொன்னால் 28,500 வரை இறங்குங்கள். அதற்குக் கீழே வேண்டாம், அண்ணே. விலை இடித்தால் கூரையை எடுத்துவிட்டுத் தரலாம், 2,240 குறையும்.