எஃப் அண்ட் எஃப் ஸ்டேட்மென்ட் வேணும் – எம்ப்ளாயி நம்பர் 4172, டிஸ்பாட்ச்

வணக்கம் மேடம்,

நான் ஸ்ரீபெரும்புதூர் குடோன்ல டிஸ்பாட்ச் சூப்பர்வைசரா இருந்தேன், ஏப்ரல் 15-ஓட ரிலீவ் ஆயிட்டேன். இன்னைக்கு மே 18, இன்னும் செட்டில்மென்ட் கணக்கு கைக்கு வரல, ஏப்ரல் பதினஞ்சு நாள் சம்பளமும் வரல. போன வாரம் "எல்லாம் செட்டில் ஆயிடுச்சு"ன்னு ஒரு ஃபார்ம் அனுப்பி கையெழுத்து கேட்டாங்க, அதுல தொகையே இல்ல மேடம், கணக்க பாக்காம எப்படி போடுறது?

பெரிய பிரச்சனை நோட்டீஸ் பே தான். அக்கவுன்ட்ஸ்ல போன்ல கேட்டப்ப 15 நாள் குறையுது, 21,000 பிடிப்போம்னாங்க. மார்ச் 2-ல ரிசைன் பண்ணேன், 60 நாள்னா ஏப்ரல் 30 வரைக்கும் வர நான் ரெடியாதான் இருந்தேன். ஹேண்டோவர் முடிஞ்சிடுச்சு, 15-ஓட கிளம்பிக்கோன்னு ஏப்ரல் 9 மெயில்ல சொன்னது எங்க மேனேஜர்தான், அந்த மெயில இதுலயே சேர்த்திருக்கேன். கம்பெனியே போகச் சொல்லிட்டு என்கிட்ட பிடிக்கிறது நியாயமே இல்ல, அந்த 15 நாளுக்கு உண்மையில எனக்குதான் நோட்டீஸ் பே வரணும்னு நினைக்கிறேன். பிடிக்கத்தான் போறீங்கன்னா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல எந்த கிளாஸ்படின்னு எழுதிக் குடுங்க.

லீவு கணக்கு: கடைசி நாள் போர்ட்டல்ல 22 நாள் இ.எல். காட்டுச்சு, லாகின் கட் ஆகுறதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன். பேசிக் 21,000. 26-ஆல வகுத்தா 17,769 ரூபா, 30-ஆல வகுத்தா 15,400 தான் வருது. போன வருஷம் கிளம்பின பில்லிங் அண்ணனுக்கு 26-தான் போட்டீங்க, எனக்கும் அதே மாதிரி போடுங்க, எதால வகுத்தீங்கன்னு ஸ்டேட்மென்ட்லயே தெரியணும்.

அப்புறம் மூணு கிளெய்ம் நிக்குது. பிப்ரவரில கோயம்புத்தூர் ஆடிட்டுக்கு போன பஸ், லாட்ஜ் 4,860, பெட்ரோல் 2,340, ரெண்டு மாச மொபைல் பில் 998, மொத்தம் 8,198. மூணுக்கும் அப்ரூவல் இருக்கு, லாட்ஜ் பில் ஒரிஜினல் மார்ச்லயே உங்க டேபிள்ல குடுத்தேன், நீங்களே பின் அடிச்சு பச்ச ஃபைல்ல வெச்சீங்க மேடம். இது என் கைக்காசு, சம்பளத்தோட சேர்த்து இதுக்கு டிடிஎஸ் பிடிச்சிடாதீங்க.

கிராஜுவிட்டி நான் கேக்கல, சர்வீஸ் நாலு வருஷம் ரெண்டு மாசம்தான். ஆனா பிஎஃப்ல எக்சிட் டேட் ஏத்தி விடுங்க, புது கம்பெனிக்கு மாத்த முடியாம நிக்குது.

2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புல, ரிசைன் பண்ணவங்களுக்கு ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளத்த குடுக்கணும்னு இருக்கு. எனக்கு ஒரு மாசம் தாண்டிடுச்சு. இந்த மாசம் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும், இந்த பணத்த நம்பித்தான் இருக்கேன். அதனால வர்றது, பிடிக்கிறது எல்லாத்தையும் தனித்தனியா போட்ட ஸ்டேட்மென்ட்ட வெள்ளிக்கிழமை மே 22-க்குள்ள இந்த மெயிலுக்கே அனுப்புங்க, வரலைன்னா லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கிறத தவிர எனக்கு வேற வழி இல்ல. கணக்கு சரியா இருந்தா அன்னைக்கே கையெழுத்து போட்டு ஸ்கேன் அனுப்பிடறேன்.

நன்றி மேடம்,
எம்ப்ளாயி நம்பர் 4172