25 லிட்டர் வாட்டர் ஹீட்டர்: ஊட்டி, குன்னூர் வீடுகளுக்கு

டேங்க் 25 லிட்டர், எலிமென்ட் 2000 வாட். ஜனவரிக் காலையில் 12 டிகிரியில் வரும் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏற முக்கால் மணி நேரம், ஏறக்குறைய ஒன்றரை யூனிட் கரண்ட். பச்சைத்தண்ணீர் கலந்தால் 40 லிட்டருக்குக் குறையாது. இரண்டு பேர் வாளியில் தாராளமாகக் குளிக்கலாம். வோல்டேஜ் 180க்கு இறங்கும் தெருவென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், முன்பே சொல்லிவிடுகிறோம்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் மாடல் விலை குறைவுதான். ஆனால் இந்தக் குளிருக்கு அதில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வெந்நீர் வந்தாலே பெரிது. சமையலறை சிங்க்குக்கு மட்டும் வாங்குங்கள்.

ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம் போதும். ஷவருக்கு நேர் மேலே மாட்டக் கூடாது. தண்ணீர் நிரம்பினால் 35 கிலோ தாண்டும் என்பதால் செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் வேண்டும். பழைய பலகைத் தடுப்புகளில் நாங்கள் மாட்டித் தருவதில்லை. 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி, சரியான எர்த் மூன்றும் கட்டாயம். சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள், அதிலிருந்து சொட்டுவது பழுதல்ல. டேங்க் நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடவும்.