பொருள்: தண்டையார்பேட்டை குடோன் மழைக்கால வேலை – பொறுப்பு உங்களிடம், செப்டம்பர் 27-க்குள்

வணக்கம் பிரபு,

தண்டையார்பேட்டை பேப்பர் குடோனை மழைக்குத் தயார் செய்யும் வேலையை இந்த வருடம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 27, சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அடுத்த புதன் ஆயுதபூஜை. அதன் பிறகு தீபாவளி வரை லோடுமேன் கிடைப்பது கஷ்டம், மழையும் வந்துவிடும்.

முக்கியமான வேலை கூரை. ஷீட்டில் ஓட்டை இருக்காது. ஆணி இறங்கும் இடத்தில் வாஷர் வெடித்து, அந்த வழியாகத்தான் ஒழுகும். பின்பக்கம் மூன்று வரிசை வாஷரையும் மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். மேலே சீலன்ட் பூசினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஆள் ஏறும்போது ஆணி வரிசை மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும், நடு ஷீட்டில் கால் வைத்தால் உடையும். பெல்ட் போடாமல் யாராவது ஏறினால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம்.

கீழ் வரிசை ரீம்களை இரட்டைப் பேலட் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். சுவர் ஓதத்தைத் தார்ப்பாய் தடுக்காது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைச் சும்மா ஆன் செய்து பார்த்தால் போதாது, டிரம்மில் தண்ணீர் வைத்து பத்து நிமிடம் ஓட்டுங்கள்; ஃபுட் வால்வு அடைத்திருந்தால் அப்போதுதான் தெரியும். தெருக் கால்வாய் நம் வேலை இல்லை. அடைத்திருந்தால் மாநகராட்சி 1913-க்குப் புகார் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒயரிங்கும் இதில் சேராது, அது எலெக்ட்ரீஷியனிடம் தனியாகப் போகிறது.

செலவுக்கு மொத்தம் ₹40,000. ஒரு பில் ₹10,000 வரை நீங்களே கையெழுத்துப் போட்டு ரேவதி மேடத்திடம் கொடுத்துவிடலாம், அவரிடம் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் போனால் என்னைக் கேளுங்கள். நனைந்த சரக்கைத் தள்ளுவது, தள்ளுபடியில் விற்பது இரண்டும் முதலாளி முடிவு. போட்டோ எடுத்துத் தனியே வையுங்கள், அவ்வளவுதான். லோடுமேன் கூலியை மேஸ்திரியிடம் நீங்களே பேசலாம்.

20-ம் தேதி மதியம் இதே மெயிலுக்கு நாலு வரி பதில் போடுங்கள்: என்ன முடிந்தது, எது நிற்கிறது, எவ்வளவு செலவு. அன்று கூரை பாதியாவது முடியவில்லை என்றால் இரண்டாவது ஆளைப் போடலாம், அதற்கு இப்போதே சரி சொல்கிறேன்.

சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், அன்று மாலைக்குள் பதில் வரும். வேலை நின்றுபோகும் விஷயம் என்றால் எந்த நேரமும் போன் செய்யுங்கள். 18, 19 தேதிகளில் நான் ஸ்ரீபெரும்புதூரில் இருப்பேன். எடுக்காவிட்டால் ஸ்டோர்ஸ் குமார் சாரைக் கேளுங்கள், அவர் சொல்வது என் சொல் மாதிரி.

இந்தத் தேதியோ தொகையோ ஒத்துவராது என்று பட்டால் நாளை காலை 11 மணிக்குள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ஒத்துவந்தால் "சரி" என்று ஒரு வரி போதும். குடோன் சாவி வாட்ச்மேனிடம்.

கோவிந்தராஜ்