விடுப்புக் கொள்கை: மேலாளர்களுக்கான திருத்திய வடிவம்

இது ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. யாருடைய விடுப்பு நாட்களும் குறையவில்லை. பழைய கொள்கையில் இருந்த “போதிய முன்னறிவிப்பு”, “தகுந்த காரணம்” போன்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் எண்களையும் பொறுப்பாளர்களையும் எழுதியிருக்கிறோம். ஒரே மாதிரி விண்ணப்பத்துக்கு ஒரு குழுவில் லீவு கிடைத்து, பக்கத்துக் குழுவில் மறுக்கப்படுவது நியாயமில்லை. அதற்காகத்தான் இந்த மாற்றம்.

விண்ணப்பம் வந்தால் மூன்றை வரிசையாகப் பாருங்கள்: தகுதி உண்டா, முன்னறிவிப்பு சரியா, ஒப்புதல் யாருடையது.

தகுதி

மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 10 நாள், சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 8 நாள். காலாண்டின் தொடக்கத்தில் 2 நாள் வீதம் கணக்கில் ஏறும். சேர்ந்த காலாண்டுக்கும் 2 நாள் முழுதாக உண்டு. தொடர்ந்து 2 நாளுக்கு மேல் இதை எடுக்க முடியாது. ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 18 நாள். மாதம் ஒன்றரை நாள் சேரும், ஆனால் பணியில் 6 மாதம் முடிந்த பிறகே எடுக்கலாம்.

பகுதி நேரப் பணியாளருக்கு அவர் வேலை நாட்களின் விகிதப்படி. வாரத்தில் 5 நாளுக்குப் பதில் 3 நாள் வருபவருக்கு மருத்துவ விடுப்பு 6 நாள்.

முன்னறிவிப்பு

ஈட்டிய விடுப்பு 1 அல்லது 2 நாள் என்றால் 3 வேலை நாள் முன்பு கேட்க வேண்டும். 3 முதல் 5 நாள் என்றால் 10 வேலை நாள் முன்பு. அதற்கும் மேல் என்றால் 30 நாள் முன்பு (இங்கே விடுமுறை நாட்களும் சேரும்). சம்பளமில்லா விடுப்புக்கும் இதே கணக்குதான். தற்செயல் விடுப்பு முந்தைய நாள் கேட்டால் போதும். அவசரம் என்றால் அன்று காலை வேலை தொடங்குமுன் சொல்லலாம்.

கெடு தவறியதாலேயே விண்ணப்பம் செல்லாததாகிவிடாது. வேலை தடைபடாது என்றால் நீங்கள் தளர்த்தலாம். தளர்த்திய காரணத்தை லீவு போர்ட்டலில் ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்தவர் கேட்கும்போது அதே அளவுகோல் கையில் இருக்கும்.

மருத்துவ விடுப்புக்கு முன்னறிவிப்பே இல்லை. வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் தகவல் வந்தால் சரி. போனோ குறுஞ்செய்தியோ போதும், வீட்டில் இருப்பவர் சொன்னாலும் போதும். மயக்கத்திலோ மருத்துவமனையிலோ இருப்பவரிடம் இந்த ஒரு மணி நேரத்தையும் எதிர்பார்க்கக் கூடாது. தொடர்ந்து 3 வேலை நாளோ அதற்கு மேலோ போனால்தான் மருத்துவச் சான்று. திரும்பி வந்து 3 வேலை நாளுக்குள் அதை மனிதவளப் பிரிவிடம் நேரடியாகக் கொடுப்பார். என்ன நோய் என்று நீங்கள் கேட்கக் கூடாது. அக்கறையோடு கேட்டாலும், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். “எப்போது வர முடியும் என்று தெரிந்ததும் சொல்லுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒப்புதல்

மருத்துவ விடுப்பைப் பதிவு செய்தால் மட்டும் போதும், அதற்கு ஒப்புதல் தேவையில்லை. மற்றவற்றில் தொடர்ந்து 5 நாள் வரை நீங்களே முடிவெடுக்கலாம். அதற்கு மேல் துறைத் தலைவர். நீங்கள் 2 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் தானாகத் துறைத் தலைவருக்குப் போகும்.

மறுக்க மூன்றே காரணங்கள்: கணக்கில் நாள் இல்லை, கெடு தவறிவிட்டது, அல்லது குழுவுக்கு முன்பே அறிவித்த குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைக்குக் கீழே போய்விடும். காரணத்தையும், ஒப்புக்கொள்ளக்கூடிய மாற்றுத் தேதியையும் எழுதித் தர வேண்டும். ஒரே தேதியை இருவர் கேட்டால் முதலில் விண்ணப்பித்தவருக்கு. ஒரே நாளில் விண்ணப்பித்திருந்தால், கடந்த முறை விட்டுக்கொடுத்தவருக்கு. ஒப்புதல் தந்த விடுப்பைத் துறைத் தலைவர் மட்டுமே ரத்து செய்யலாம். பயணச் சீட்டு நஷ்டத்தை நிறுவனம் ஏற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. சேர்ந்து 4 மாதமான ஒருவர், தங்கை திருமணத்துக்கு 4 நாள் லீவு வேண்டும் என்று 7 வேலை நாள் முன்பு கேட்கிறார். 6 மாதம் ஆகவில்லை, எனவே ஈட்டிய விடுப்பு கிடையாது. தற்செயல் விடுப்பில் 2 நாள் தரலாம். மீதி 2 நாள் சம்பளமில்லா விடுப்பு. அதற்கு 3 வேலை நாள் முன்பு கேட்டால் போதும் என்பதால் கெடுவும் சரி. மொத்தம் 4 நாள், ஒப்புதல் உங்களுடையது. “உங்களுக்கு இன்னும் தகுதியில்லை” என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். எந்த வழியில் கிடைக்கும் என்று சொல்வதும் உங்கள் வேலைதான்.

சட்டம் இதைவிடக் கூடுதல் விடுப்பு தரும் இடத்தில் சட்டமே செல்லும். மகப்பேறு விடுப்பு, ராஜினாமா கொடுத்தவரின் விடுப்பு ஆகியவற்றை நேராக மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். மார்ச் 31 வரை வந்த விண்ணப்பங்களுக்குப் பழைய விதிதான்.