பேச்சுத்திறன் மதிப்பீட்டு அளவுகோல்: ஏழாம் வகுப்பு, தமிழ்

தலைப்பு: தேயிலைக் கொழுந்து எப்படித் தூளாகிறது?
பயன்படுத்துவோர்: கோத்தகிரி வட்டார நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர்கள்
மொத்தம்: 20 மதிப்பெண்

நடத்தும் முறை

பேச 2 நிமிடம், கேள்விக்கு 1, மதிப்பெண் குறிக்க 1. 30 பிள்ளைகளுக்கு 120 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை மூன்று. மூன்றையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். கடைசிப் பத்துப் பேருக்கு ஆசிரியரின் களைப்புதான் மதிப்பெண் போடும்.

பிள்ளை கையில் ஐந்து சொல் எழுதிய சீட்டு மட்டும் இருக்கலாம். வாக்கியமாக எழுத விட்டால் அது வாசிப்புத் தேர்வாகிவிடும். தகரக் கூரையில் மழை அறையும்போது குரலுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. நிறுத்தி, மழை விட்டபின் தொடருங்கள்.

அளவுகோல்

| கூறு | 4 | 3 | 2 | 1 |
|---|---|---|---|---|
| பொருள் | நான்கு படிகளாவது, இரண்டு காரணம் | மூன்று படிகளாவது, ஒரு காரணம் | படிகள் மட்டும், காரணம் இல்லை | ஒரே படி |
| வரிசை | முறையாக, இணைப்புச் சொற்களோடு | முறை சரி, இணைப்பு இல்லை; அல்லது தவறித் தானே திருத்தினார் | ஒரு படி இடம் மாறியது | எது முன், எது பின் என்று தெரியவில்லை |
| குரல் | கடைசி பெஞ்சு வரை கேட்டது | வாக்கிய முடிவில் தேய்ந்தது | முன் இரண்டு வரிசைக்கே கேட்டது | அருகில் போய்க் கேட்க வேண்டியிருந்தது |
| மொழி | பொருள் எங்கும் மயங்கவில்லை | ஓரிடத்தில் மயங்கியது | பல இடங்களில் மயங்கியது | வாக்கியம் அமையவில்லை |
| மறுமொழி | தன் சொல்லில் விடை, காரணம் | விடை மட்டும் | துணைக்கேள்விக்குப் பின் விடை | பேசியதையே ஒப்பித்தார் |

இரண்டு நிலைக்கு நடுவே தடுமாறினால் கீழ்நிலையைப் போடுங்கள். வாயே திறக்காத பிள்ளைக்கு அன்று மதிப்பெண் இல்லை. மறுநாள் தோழியோடு சேர்த்துப் பேச வையுங்கள்.

மொழிக் கூறில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வீட்டில் படுகு பேசும் பிள்ளை ஊரை 'ஹட்டி' என்றால் அது பிழையன்று. பேச்சுத்தமிழும் பிழையன்று. கேட்பவருக்குப் பொருள் குழம்பியதா என்பது ஒன்றே கேள்வி.

மாதிரிப் பேச்சுகள்

*மாணவி அ:* "அம்மா ரெண்டு எல ஒரு மொட்டுன்னு பறிப்பாங்க. எங்க ஹட்டிக்கு வண்டி வந்து எடை போட்டு ஏத்திக்கும். பேக்டரில பரப்பி வாட்டுவாங்க, ஈரம் கொறஞ்சாத்தான் மிஷின்ல நசுக்க வரும். அப்புறம் காய வைப்பாங்க... இல்ல, அதுக்கு முன்னாடி சும்மா பரப்பி வைப்பாங்க, காத்து பட்டுச் செவக்கும். பெறகுதான் காய வைப்பாங்க."
கேள்வி: காய வைக்காமல் விட்டால்?
"செவக்கறது நிக்காது சார். ஈரத்துல பூசணமும் புடிச்சிரும்."

பொருள் 4, வரிசை 3, குரல் 3, மொழி 4, மறுமொழி 4. மொத்தம் 18. தானே திருத்திக்கொண்டதால் வரிசையில் 2க்கு இறங்கவில்லை.

*மாணவர் ஆ:* "தேயிலை நம் மாவட்டத்தின் முக்கியமான பணப்பயிர். பறிக்கப்பட்ட இலைகள் முதலில் வாட்டப்பட்டு, பின்னர் நசுக்கப்பட்டு, நொதிக்கவைக்கப்பட்டு, இறுதியில் உலர்த்தப்படுகின்றன."
கேள்வி: நொதிக்கவைப்பது எதற்கு?
"நொதிக்கவைக்கப்பட்டு... உலர்த்தப்படுகின்றன சார்."

பொருள் 2, வரிசை 4, குரல் 4, மொழி 4, மறுமொழி 1. மொத்தம் 15. கணீரென்ற குரலில் மயங்கிப் பொருளுக்கும் 4 போட்டுவிடுவது வழக்கம். படிகள் நான்கு வந்தன, காரணம் ஒன்றுகூட வரவில்லை. பாடநூல் நடை என்பதற்காக மொழியில் குறைக்கவும் கூடாது. மனப்பாடத்தைக் கண்டுபிடிக்கத்தான் கேள்வி இருக்கிறது.

*மாணவி இ:* (சீட்டைப் பார்த்தபடி, மிக மெதுவாக) "கொழுந்து பறிப்பாங்க. பேக்டரி போகும். அங்க... மிஷின். தூள் வரும்."
கேள்வி: மிஷின் என்ன செய்யும்? (மௌனம்) நசுக்குமா, உலர்த்துமா?
"நசுக்கும்."

பொருள் 2, வரிசை 3, குரல் 1, மொழி 3, மறுமொழி 2. மொத்தம் 11. ஒட்டுமொத்தப் பார்வையில் இந்தப் பிள்ளைக்கு 5, 6 தான் விழும். கூறு கூறாகப் பார்த்தால் தாழ்வு குரலில் என்பது தெரிகிறது. சீட்டில் எழுதித் தர வேண்டிய வரி: "வரிசை சரியாக வந்தது. அடுத்த முறை ஜன்னலோரம் இருப்பவருக்குக் கேட்கும்படி, ஒரு 'ஏன்' சேர்த்துச் சொல்."

தொடங்கும் முன்

ஒரு பிள்ளையின் பேச்சைக் கைபேசியில் பதிந்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஒரு கூறில் இரண்டு நிலை வித்தியாசம் வந்தால் ஆளைக் குறை சொல்ல வேண்டாம், அந்தக் கட்டத்தின் வாசகம் தெளிவில்லை. திருத்தி எழுதுங்கள். 'நன்றாக', 'ஓரளவு' போன்ற சொற்கள் கட்டத்துக்குள் நுழைந்தாலே இந்தச் சிக்கல் வரும்.

பேச்சு முடிந்ததும் பொருளையும் மறுமொழியையும் முதலில் குறியுங்கள், குரலைக் கடைசியில்.