எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் கட்டி, வீக்கம், அழுத்தம்: குடும்பத்தாருக்கு ஒரு விளக்கக் கடிதம்

நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கும், மகனுக்கும், மகளுக்கும்,

வணக்கம். நேற்று மாலை ஐயாவின் எம்.ஆர்.ஐ. படங்களைத் திரையில் வைத்துப் பேசினோம். நீங்கள் மூவரும் கலங்கிப்போயிருந்த அந்த நேரத்தில் நான் சொன்னவற்றில் பாதிகூட மனதில் பதிந்திருக்காது, அது இயல்புதான். எல்லாவற்றையும் உங்களிடம் விளக்கமாகச் சொல்லலாம் என்று ஐயாவே சம்மதம் தந்திருப்பதால், நிதானமாக மீண்டும் படித்துக்கொள்ளவும், காசிமேட்டிலிருந்து வந்து விசாரிக்கும் உறவினர்களுக்குச் சொல்லவும் உதவும் வகையில் இதை எழுதுகிறேன்.

திரையில் வலது மூளையில் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்த வெண்மையைப் பார்த்து, "இவ்வளவும் கட்டியா, டாக்டர்?" என்று அம்மா கேட்டார்கள். இல்லை. கட்டி என்பது அதன் நடுவில், மருந்து ஊசி போட்ட பிறகு எடுத்த படத்தில் ஓரம் வளையமாக ஒளிர்ந்த பகுதி. அது ஏறத்தாழ 4 செ.மீ. குறுக்களவு கொண்டது. அதைச் சுற்றிப் பரந்து கிடக்கும் வெண்மையில் பெரும்பங்கு, கட்டியை ஒட்டிய மூளைத் திசுவில் ஊறியிருக்கும் நீர். அறிக்கையில் 'எடிமா' என்று எழுதியிருப்பது அதைத்தான். சில வகைக் கட்டிகளில் இந்த நீர்ப் பகுதிக்குள்ளும் கட்டியின் செல்கள் சிதறி இருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைப் படத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த நீர் எங்கிருந்து வந்தது? மூளையின் இரத்தக் குழாய்களுக்கு உடலின் மற்ற இடங்களில் இல்லாத இறுக்கமான ஒரு தடுப்பு உண்டு. இரத்தத்தில் இருக்கும் நீரும் புரதமும் அதைத் தாண்டி எளிதில் மூளைக்குள் புக முடியாது. கட்டியின் தூண்டுதலால் முளைக்கும் குழாய்களில் அந்தத் தடுப்பு சரியாக அமைவதில்லை என்பதால், அவற்றின் வழியே நீர் கசிந்து, நரம்பு இழைகள் ஓடும் உட்பகுதியில் பரவுகிறது. மழைக்காலத்தில் சுவரில் ஒரு சிறு விரிசல் இருந்தால் ஓதம் அந்த விரிசலைவிடப் பல மடங்கு அகலமாக ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடந்திருப்பதும் அதுபோன்றதே. தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துக்கொண்டதோ, இரண்டு மாதமாக ஆவி பிடிக்க வைத்தது தவறோ என்று அம்மா வருந்த வேண்டியதில்லை. அவை எதுவும் இதற்குக் காரணம் அல்ல. அதேபோல் குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதாலோ நெற்றியில் பற்றுப் போடுவதாலோ இந்த வீக்கம் வடியாது.

அடுத்தது அழுத்தம். மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதற்குள் மூளை, இரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அளவாக நிரம்பியிருக்கின்றன. கட்டியும் வீக்கமும் சேர்ந்து இடம் பிடிக்கும்போது, முதலில் தண்டுவட நீரும் இரத்தமும் ஓரளவு விலகி இடம் விடுகின்றன. அந்த இடமும் தீர்ந்த பிறகுதான் உள்ளழுத்தம் வேகமாக ஏறுகிறது. காலையில் எழும்போதே வரும் தலைவலிக்கும் வாந்திக்கும் காரணம் இதுவே. படுத்த நிலையில் தலைக்குள் அழுத்தம் கூடுவதால் அவை விடியற்காலையில் அதிகமாகின்றன.

படத்தில் மூன்று இடங்களில் இந்த அழுத்தம் தெரிகிறது. வலப்பக்கத்தில் மூளையின் மேல்மடிப்புகளுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளங்கள் மறைந்து, அந்தப் பகுதி வழவழப்பாகத் தெரிகிறது. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் வலப்பக்க அறை நசுங்கி, இடப்பக்கத்தைவிடச் சிறுத்திருக்கிறது. மூன்றாவது, மகன் திரும்பத் திரும்பக் கேட்ட 'மிட்லைன் ஷிஃப்ட்': இரு பாதிகளுக்கும் நடுவில் நேராக நிற்க வேண்டிய சவ்வு 6 மி.மீ. இடப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. இது நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளும் அளவு அல்ல. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் வரும் புதன்கிழமைக்கே வைத்திருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

அதே படத்தில் இல்லாதவற்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சையும் விழிப்பையும் காக்கும் மூளைத்தண்டு நசுங்கவில்லை; அதைச் சுற்றியுள்ள நீர் இடைவெளிகள் திறந்தே இருக்கின்றன. தண்டுவட நீர் ஓடும் பாதை அடைபடவில்லை. கட்டிக்குள் புதிய இரத்தக் கசிவும் இல்லை. நேற்று அவரைச் சேர்க்கும்போது பதற்றமின்றி என்னால் பேச முடிந்தது இவற்றால்தான்.

ஐயாவின் இடது கையில் பிடிமானம் குறைந்ததற்கும், போன வாரம் அந்தக் கை மட்டும் துடித்து வலிப்பு வந்ததற்கும், கட்டி இருக்கும் இடமே காரணம். வலது முன்மூளையின் பின்பகுதியில், இடது கையை அசைக்கும் பகுதியை ஒட்டி அது இருக்கிறது. கட்டி அந்தப் பகுதிக்குள் ஊடுருவியிருப்பதாகப் படத்தில் தெளிவாகத் தெரியவில்லை. வீக்கம் அதன்மேல் ஏறியிருக்கிறது. ஆகவே பலவீனத்தில் ஒரு பங்காவது மீளக்கூடும் என்று எதிர்பார்க்கிறேன், ஆனால் முழுமையாக மீளும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சில மாதங்களாக அவர் ஏலத்துக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததையும், பேச்சைக் குறைத்துக்கொண்டதையும் நீங்கள் பிடிவாதம் என்று நினைத்துக் கோபித்ததாக மகள் சொல்லி அழுதார். முன்மூளை அழுத்தப்படும்போது ஊக்கம் இப்படிக் குறைவதுண்டு. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, உங்களுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

நேற்று இரவு முதல் டெக்ஸாமெத்தசோன் ஊசி தொடங்கியிருக்கிறோம். அது குழாய்க் கசிவைக் குறைக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தலைவலி தணிந்து, பேச்சிலும் தெளிவு வரும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்தமாகச் சொல்கிறேன்: அவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினால், வடிந்திருப்பது வீக்கமே தவிர கட்டி அல்ல; கட்டி கரைந்துவிட்டதாக நினைத்து அறுவை சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பதால், இந்த மருந்தால் சர்க்கரை அளவு ஏறும். அதற்காக இன்சுலின் போடுகிறோம், வயிற்றைக் காக்க வேறு மாத்திரையும் தருகிறோம். வலிப்புக்கான மாத்திரை தனி. அதையும் ஒரு வேளைகூடத் தவறவிடக்கூடாது. கட்டிலின் தலைப்பகுதியை 30 டிகிரி உயர்த்தி வைத்திருப்பது அழுத்தம் குறையவே, தட்டையாக இறக்கிவிட வேண்டாம்.

இது புற்றுநோயா என்று வெளியே வராந்தாவில் மெதுவாகக் கேட்டீர்கள். படத்தின் தோற்றம் எனக்குக் கவலை தருகிறது. ஆயினும் எந்த வகைக் கட்டி, எந்த நிலை என்பதை, அறுவை சிகிச்சையில் எடுக்கும் திசுவைப் பரிசோதித்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். ஐயாவும் இதே கேள்வியைக் கேட்டார்; இதே பதிலைத்தான் அவருக்கும் சொன்னேன்.

இரவில் உடன் தங்குபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கூப்பிட்டால் எழாத அளவுக்குத் தூக்கம் கூடினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, இடது காலும் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நொடியே பணியிலிருக்கும் செவிலியரை அழையுங்கள். வலிப்பின்போது வாயில் எதையும் வைக்காமல், கையில் இரும்பைத் திணிக்காமல், அவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்திருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஒப்புதல் படிவம் குறித்துப் பேச உங்கள் மூவரையும் ஐயாவின் கட்டிலருகே சந்திக்கிறேன். இதைப் படிக்கையில் எழும் கேள்விகளை இந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதிக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர்